கெடு, கசிவு, கணக்கு: ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கி ஐந்தாண்டு நடந்தவை

மேடவாக்கம் பக்கம், தரைத்தள வாகன நிறுத்தத்துக்கு மேல் ஐந்து மாடி, மொத்தம் 48 வீடுகள். அதில் மூன்றாம் மாடியில் 1,080 சதுர அடி வீடு ஒன்று எங்களுடையது. 2020 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டதில் தொடங்கி இன்றுவரை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கட்டுநர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே நிலையில் நிற்கும் இன்னொருவர் எந்த நாளில் என்ன முடிவெடுக்கலாம் என்று பார்த்துக்கொள்ளவே இந்தப் பதிவு.

பின்னணி

விலை 62 லட்சம். அப்போதைய வழக்கப்படி, பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். இரண்டையும் பதிவு செய்தோம். வீடு வாங்குவோரைக் காக்க வந்த ரெரா சட்டத்தின்படி, திட்டம் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பதிவானது. சென்னையில் கட்டட அனுமதி தரும் அமைப்பான சி.எம்.டி.ஏ.வின் அனுமதி வரைபடத்தையும் வாங்கிப் பார்த்திருந்தோம். 2022 டிசம்பருக்குள் சாவி, அதற்கு மேல் ஆறு மாதம் சலுகைக் காலம். ஆகக் கடைசிக் கெடு 2023 ஜூன் 30.

கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு விஷயங்களை நான் கவனிக்கவில்லை. ஒன்று, பணம் கட்டும் அட்டவணை. அஸ்திவாரம், ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட் என்று வைத்து, கடைசி மொட்டைமாடி போட்டு முடியும்போதே 90 விழுக்காடு போய்விடும்படி அது அமைந்திருந்தது. சுவர், பூச்சு, டைல்ஸ், குழாய், லிஃப்ட் என்று வீட்டை வீடாக்கும் வேலை எல்லாம் மிச்சமிருக்கும். ஆனால் எங்கள் கையில் பிடிமானமாக இருந்தது பத்து விழுக்காடுதான்.

இரண்டாவது, தாமதத்துக்கான ஷரத்து. நாங்கள் தவணை தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. அவர்கள் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய், அதாவது எங்கள் வீட்டுக்கு 5,400. ரெரா சட்டம் 2016 இந்த ஏற்றத்தாழ்வை ஏற்பதில்லை. இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதம் என்கிறது. தமிழ்நாடு விதிகளின்படி ஸ்டேட் வங்கி தன் கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதங்களில் உச்சமானதோடு 2 விழுக்காடு கூட்டினால் வருவதே அந்த வட்டி. இதை நான் தெரிந்துகொண்டது மூன்று வருடம் கழித்து.

கெடு தவறிய விதம்

2022 ஆகஸ்டில் சைட்டுக்குப் போனபோது மூன்றாம் தளம் வரைதான் ஏறியிருந்தது. வேலையாட்கள் ஆறு ஏழு பேர். முட்டுப் பலகைகளைக் கழற்றி ஒரு ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் மறைக்கவில்லை. "ஆளுங்கள எல்லாம் கேளம்பாக்கம் சைட்டுக்கு அனுப்பிட்டாங்க சார், தீபாவளி கழிச்சுத்தான் வருவாங்க" என்றார். நிறுவனத்தின் மின்னஞ்சலில் மட்டும் ஒவ்வொரு மாதமும் "வேலை திட்டப்படி நடக்கிறது" என்று வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை போய், ஒரே இடத்தில் நின்று, கட்டடம் முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். ரெரா இணையதளத்தில் கட்டுநர் காலாண்டுக்கு ஒருமுறை ஏற்றும் முன்னேற்ற அறிக்கையையும் இறக்கி வைத்தேன். என் படங்களுக்கும் அவர்கள் அறிக்கைக்கும் இருந்த இடைவெளி பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

2023 ஜூன் 30 கடந்தது. அன்று வரை நாங்கள் கட்டியிருந்தது 55.8 லட்சம். அப்போதைய வங்கி விகிதப்படி ரெரா வட்டி பத்தரை விழுக்காட்டைத் தாண்டி வரும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 50,000 ரூபாய். ஒப்பந்தத்தில் இருந்த 5,400-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதல் முடிவு: சான்றிதழ் இல்லாமல் சாவி வாங்குவதில்லை

2023 டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது. வீடு தயார், மிச்சத் தொகையைக் கட்டிவிட்டு 15 நாளுக்குள் சாவி வாங்கிக்கொள்ளவும், தவறினால் மாதாமாதம் காவல் கட்டணம். சி.எம்.டி.ஏ. நிறைவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "விண்ணப்பித்தாகிவிட்டது, அது வெறும் நடைமுறை" என்று பதில்.

அது வெறும் நடைமுறை இல்லை. இந்த அளவுக் கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் வீட்டுக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. கட்டுமானத்துக்கென வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் குடியிருக்க வேண்டும், அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். இன்னொன்றும் உண்டு. சான்றிதழுக்கு முன்பே சாவி வாங்கிவிட்டால், தாமதம் அந்த நாளோடு முடிந்தது என்று கட்டுநர் வாதிட நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

வீட்டில் இது எளிதான முடிவாக இல்லை. மாதம் 16,000 வாடகை ஒருபுறம், கடன் தவணை மறுபுறம். அம்மாவுக்குத் தை பிறந்ததும் பால் காய்ச்சிவிட வேண்டும். "எல்லாரும் போறாங்கப்பா, நமக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார். பதினோரு குடும்பங்கள் பொங்கலை ஒட்டிக் குடிபோனது உண்மைதான். நாங்கள் போகவில்லை. சான்றிதழ் வரும் வரை சாவி வாங்க இயலாது என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதினோம். சான்றிதழ் 2024 மார்ச் 21 அன்று வந்தது. எங்கள் கூடுதல் வாடகைச் செலவு சுமார் 45,000. முன்னால் போனவர்கள் அந்த மாதங்களுக்குக் கட்டிய மின் கட்டணத்தைப் பார்த்தபோது, காத்திருந்ததில் எங்களுக்குப் பெரிய நட்டமில்லை என்று தெரிந்தது.

இரண்டாம் முடிவு: சாவிக் கடிதத்தில் கையெழுத்து

சாவி வாங்கும் அன்று நீட்டிய கடிதம் ஒன்றரைப் பக்கம். நான்காவது பத்தியில் இப்படி இருந்தது: வீட்டை முழுமையாகப் பரிசோதித்துத் திருப்தி அடைந்தேன், தாமதம் குறித்தோ தரம் குறித்தோ இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன். மற்ற மூன்று பத்திகளும் சாதாரணமானவை. மேசையில் சாவிக்கொத்து, பக்கத்தில் ஸ்வீட் பெட்டி, பேனாவை மூடி கழற்றியே வைத்திருந்தார்கள்.

அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னேன். மறுத்தார்கள். அதனால் கையெழுத்துக்கு மேலேயே என் கையால், "தாமத வட்டி, குறைபாடுகள் குறித்த என் உரிமைகள் எதையும் கைவிடாமல் சாவி பெறுகிறேன், இணைப்பு: குறைகள் பட்டியல், 43 இனங்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அங்கேயே படமும் எடுத்துக்கொண்டேன். அந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் உள்ளே போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். சாவி கொடுத்தார்கள்.

தாமத இழப்பீட்டைக் கைவிட்டால்தான் வீடு என்று வாங்குபவரை நெருக்குவது சரியல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெங்களூரு அடுக்ககம் ஒன்றின் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே வெறுமனே கையெழுத்திட்டவர்களுக்கும் எல்லாம் போய்விடவில்லை. ஆனால் அவர்கள் முதலில் அந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

மிச்சப் பணத்தைப் பிடித்து வைக்கலாமா என்றும் யோசித்தேன். பிடித்திருந்தால் தவணை தவறியவன் என்று என்மேல் 18 விழுக்காடு போட்டிருப்பார்கள். எதிர்ப்பைப் பதிவு செய்து முழுதும் கட்டினேன்.

தரம்: பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

பரிசோதனைக்குப் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். ஒரு நாணயமும் தண்ணீர் பாட்டிலும்தான் அவர் கொண்டுவந்த கருவிகள். டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். சத்தம் கணீரென்று வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது, டொக்கென்று வந்தால் வெற்றிடம். ஹாலில் பதினேழு டைல்ஸ் டொக்கென்றன. பால்கனியில் பாட்டிலைச் சாய்த்தார். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் திரும்பியது. தூணும் சுவரும் சேரும் இடங்களில் நேர்கோடாக விரிசல். அங்கே பூச்சுக்கு அடியில் கோழிவலை வைத்துக் கட்டவில்லை என்றார். தூண், விட்டங்களில் அவருக்குக் குறை தெரியவில்லை. சட்டகம் நன்றாகவே போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதையும் இங்கே எழுதுவதே நியாயம். டைல்ஸையும் பால்கனிச் சரிவையும் இரண்டு மாதத்தில் சரி செய்து கொடுத்தார்கள்.

அவர் கேட்டு நடக்காமல் போனது ஒன்று. குளியலறைகளில் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் எங்கள் வீட்டில் மட்டும் போதாது, மேல் வீட்டிலும் செய்ய வேண்டும் என்றார். கட்டுநர் தரப்பு ஒரு இரவுக்கு மேல் ஒப்பவில்லை. சாவி வாங்கும் அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

2024 ஆகஸ்டில் படுக்கையறைக் கூரையில், குளியலறைச் சுவரை ஒட்டி, உள்ளங்கை அளவு பழுப்புக் கறை. பராமரிப்பு ஆட்கள் வந்து, "மேல் வீட்டுக்காரங்க தண்ணி சிந்துறாங்க" என்று சொல்லி, சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் போனார்கள். மூன்றே வாரத்தில் கறை திரும்பியது. இந்த முறை அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். நான்கு நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு.

கோடுகள்தான் விஷயத்தைச் சொல்லின. மேல் வீட்டுக்காரர் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தார். அந்த நாட்களில் இரண்டு முறை நல்ல மழை, ஆனால் கறை ஒரு நூல்கூட நகரவில்லை, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்தது. அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள் மீண்டும் ஈரம். ஆக, மழை காரணமில்லை. மேல் வீட்டில் புழங்கும் தண்ணீர்தான். அடுத்த கேள்வி, குழாயா, தரையா?

மேல் வீட்டு ஐயா ஓய்வு பெற்ற ஆசிரியர். முதலில் என்மேல் வருத்தம். "என் வீட்டை இடிக்கச் சொல்றீங்களா தம்பி?" என்றார். "இடிக்கச் சொல்லல சார், ஒரு நாள் சோதிச்சுப் பாத்துடலாம், தப்பு உங்க மேல இல்லைன்னு அதுலயே தெரிஞ்சுடும்" என்றேன். ஒரு இரவு முழுக்கக் குளியலறைக் குழாய்களுக்குத் தண்ணீர் போகும் வால்வைத் திறந்தே வைத்து, யாரும் புழங்காமல் விட்டார். கறை நகரவில்லை. பிறகு தரை வடிகாலைத் துணிப்பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, அதில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் கலந்தோம். முப்பது மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் குளியலறையின் பொய்க்கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வடிகால் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி லேசான நீல வளையம், அதிலிருந்து ஒரு சொட்டு. அதற்குக் கீழே நாளிதழை விரித்துக் காணொளி எடுத்தேன்.

குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாகப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது பள்ளத்தின் அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. குழாய் நுழையும் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால் பள்ளம் ஒரு தொட்டிபோல நிரம்பி அந்தத் துளை வழியே ஒழுகும். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் இது நிற்காது.

குறைபாட்டுக் கடிதம்

ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்திறன் குறைபாடுகளை, தெரிவித்த 30 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் சரி செய்யச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் "ஓராண்டு உத்தரவாதம்" என்று இருந்ததை வைத்து இதை மறுக்க முடியாது. நானும் மேல் வீட்டு ஐயாவும் கூட்டாகக் கையெழுத்திட்டு, பென்சில் கோட்டுப் படங்கள், நீலத் தண்ணீர்க் காணொளி, தேதிகளோடு அனுப்பினோம். கூட்டாக அனுப்பியதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதுவரை எங்களை ஒருவருக்கொருவர் காட்டித்தான் தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டைல்ஸ் இடுக்குகளை மட்டும் எபாக்ஸியால் அடைத்தார்கள். டிசம்பரில் கறை மறுபடி கோட்டைத் தாண்டியது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, 2025 ஜனவரியில், மேல் வீட்டுக் குளியலறையை முழுதாக உடைத்தார்கள். நிரப்பியிருந்த ஜல்லி கையால் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். குழாயைச் சுற்றிச் சுருங்காத கலவையால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றிப் பூசினார்கள். டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம், இந்த முறை நேரத்தைச் சுவரில் எழுதி வைத்து. ஐயாவுக்குப் பதினெட்டு நாள் ஒரே குளியலறையோடு சிரமம். அதற்கு அவருக்கு யாரும் எதுவும் தரவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஒப்படைத்த பிறகு: பராமரிப்பு

சாவி கொடுக்கும்போதே சதுர அடிக்கு மாதம் 3.50 வீதம் 24 மாதத்துக்கு முன்பணம் வாங்கினார்கள், எங்களிடம் 90,720. கூடவே பிற்காலப் பெரிய செலவுகளுக்கான வைப்பு நிதியாகக் கார்பஸ் தொகை தனி. முதல் ஓராண்டு யாரும் கணக்குக் கேட்கவில்லை. பதினான்காம் மாதம், "நிதி தீர்ந்தது, இனி மாதாமாதம் கட்டவும்" என்று அறிவிப்பு வந்தது.

கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, விற்காத ஒன்பது வீடுகளின் பங்கு வரவில் இல்லவே இல்லை. காவலாளி, லிஃப்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் 48 வீட்டுக்கும் பொது, செலவை ஏற்றது 39 வீடு. மேலும் ஓர் உண்மையைப் பொது மின்கட்டண ரசீதுகள் காட்டின. 2024 நவம்பருக்குப் பிறகு கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தரைத்தளத்தில் சாக்கடை வாடை தொடங்கியதும் அதே சமயம்தான். சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்று செலுத்தும் ப்ளோயரை இரவில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தொடர்ந்து காற்று வேண்டும். பல மணி நேரம் நின்றால் அவை செத்து, வாடை கிளம்பும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கழிவுநீர் லாரிக்குக் கொடுத்திருந்தார்கள்.

சங்கம் பதிவு செய்து, 2025 ஜூலையில் பொறுப்பை ஏற்றோம். ஏற்கும் முன் கட்டுநரின் பொறியாளரோடு மொட்டைமாடி முதல் லிஃப்ட் குழி வரை சேர்ந்து சுற்றி, இயங்குவது, இயங்காதது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அனுமதி வரைபடம், நிறைவுச் சான்றிதழ், லிஃப்ட் உரிமம், சுத்திகரிப்பு நிலையக் கையேடு ஆகியவை வந்துவிட்டன. குழாய், மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் இறுதி வரைபடம் வரவில்லை. கார்பஸ் தொகை முழுதாகச் சங்கக் கணக்குக்கு மாறியது. ஒன்பது வீட்டின் பராமரிப்புப் பாக்கி மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.

தாமத வட்டி என்ன ஆயிற்று

2024 ஜூனில் எழும்பூரில் உள்ள ரெரா அலுவலகத்தில் படிவம் எம் வழியாக மனுச் செய்தேன். ஆள் பற்றாக்குறை, மிக்ஜாம் புயல் என்று கட்டுநர் வாதம். புயலைச் சட்டம் விதிவிலக்காக ஏற்கிறதுதான். ஆனால் அது வந்தது 2023 டிசம்பரில், கெடு முடிந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு. என் மாதாந்திரப் படங்கள் 2022-இல் வேலை நின்றதைக் காட்டின. 2025 பிப்ரவரியில் வந்த உத்தரவு, 2023 ஜூலை 1 முதல் நிறைவுச் சான்றிதழ் நாள் வரை வட்டி தரச் சொன்னது. தொகை 4.3 லட்சத்துக்குச் சற்று மேல்.

உத்தரவு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. தராவிட்டால் நில வரி பாக்கிபோல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க வழி உண்டு, அதற்கு இன்னொரு மனு, இன்னொரு காத்திருப்பு. இரண்டு மாதம் கழித்து 3.8 லட்சத்துக்கு ஒரே வரைவோலை தர முன்வந்தார்கள். தாமத வட்டி மட்டும் தீர்ந்தது, குறைபாட்டு உரிமை தொடரும் என்று எழுதிக்கொண்டு வாங்கினேன்.

மறுபடி வாங்கினால்

கட்டண அட்டவணையில் மேல் தளம் முடியும்போது 75 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி ஒப்பந்தத்துக்கு முன்பே பேசுவேன். அதற்கு ஒப்பாதவரிடம் வாங்க மாட்டேன். சாவிக்கு முன் மேல் வீட்டிலும் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பராமரிப்புக் கணக்கை முதல் காலாண்டிலேயே கேட்பேன். கசிவை முதலில் தொலைபேசியில் மட்டும் சொல்லி ஐந்து வாரம் இழந்தேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

இந்தக் கட்டுநரிடம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டடத்தின் எலும்பு உறுதி, நிலப் பத்திரம் சுத்தம், கடிதம் வந்தால் வேலை நடக்கும், கடிதம் இல்லாமல் நடக்காது.

படுக்கையறைக் கூரைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. கடைசிப் பென்சில் கோட்டில் 2025 ஜனவரி 9 என்று இருக்கிறது. ஒரு முழு மழைக்காலம் முடிந்தும் கறை அதைத் தாண்டவில்லை. ஐந்தாண்டு உத்தரவாதம் முடிய 2029 மார்ச் வரை நாள் இருக்கிறது. அதுவரை அந்தக் கோடு அங்கேயே இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.